இரண்டாவது ஆட்டத்துக்கு முன் மூன்று நிமிடங்கள்

மாஜிக்: தி கேதரிங் என்னும் சீட்டாட்டத்தைக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கினார். 1993-இல் அது வெளிவந்தது. அதன் போட்டிகளில் ஒரு மேட்ச் என்பது பெரும்பாலும் மூன்று ஆட்டங்கள். இரண்டை முதலில் வெல்பவருக்கு மேட்ச். ஒவ்வொருவரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டோடு முதல் ஆட்டத்தில் உட்காருகிறார்கள். கட்டுக்குப் பக்கத்தில் அதிகபட்சம் 15 சீட்டுகள் கொண்ட இன்னொரு சிறு அடுக்கும் இருக்கும். அதன் பெயர் சைட்போர்ட். முதல் ஆட்டத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. அந்த ஆட்டம் முடிந்ததும் அதிலிருந்து வேண்டியதைக் கட்டில் சேர்த்து, வேண்டாததை வெளியே எடுத்துவிட்டு இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கலாம். மூன்றாவது ஆட்டம் வந்தால் அதற்கு முன்பும் மாற்றலாம்.

விதிகள் சிலவே. பெயர் ஒன்றாக உள்ள சீட்டு, கட்டிலும் சைட்போர்டிலும் சேர்த்து நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாக் கட்டுகளுக்கும் பொதுவான அடிப்படை நிலச் சீட்டுகளுக்கு இந்த வரம்பு இல்லை. முன்பெல்லாம் ஒன்றை எடுத்தால்தான் ஒன்றைப் போடலாம். 2013-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இப்போது கட்டு 60-க்குக் குறையாமலும் சைட்போர்ட் 15-ஐத் தாண்டாமலும் இருந்தால் போதும். ஆனாலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 60-லேயே நிற்கிறார்கள். 61-ஆவது சீட்டு உள்ளே வந்தால், மிக நல்ல சீட்டு கைக்கு வரும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும்.

முதல் ஆட்டத்தில் எதிரே இருப்பவர் என்ன கட்டு வைத்திருக்கிறார் என்பது பொதுவாகத் தெரியாது. ஆகவே முதன்மைக் கட்டு யாரையும் எதிர்கொள்ளும்படி பொதுவாக அமைகிறது. இரண்டாவது ஆட்டத்தில் அந்த மறைவு போய்விடுகிறது. மேட்ச் இரண்டு ஆட்டங்களில் முடிந்தால் பாதி ஆட்டமும், மூன்று வரை போனால் மூன்றில் இரண்டு பங்கும் மாற்றிய கட்டோடுதான் நடக்கின்றன. இதன் விளைவு பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு கட்டு முதல் ஆட்டத்தை நூற்றுக்கு 60 முறை வெல்கிறது, மாற்றங்களுக்குப் பின் வரும் ஆட்டங்களை 40 முறைதான் வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அது மேட்சை வெல்வது 45 முறைக்கும் சற்றுக் குறைவு. எண்களைத் திருப்பி, முதல் ஆட்டத்துக்கு 40, பிந்தைய ஆட்டங்களுக்கு 60 என்று வைத்தால் மேட்ச் வெற்றி 55-ஐத் தாண்டுகிறது. முதல் ஆட்டத்தில் அடிக்கடி தோற்கும் கட்டுதான் இங்கே நல்ல கட்டு.

புதிதாக வருபவர்கள் சைட்போர்டை நிரப்பும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். எந்தெந்தக் கட்டுகள் தொல்லை தருகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றையும் முறிக்கும் சீட்டுகளை மூன்று, நான்கு என்று சேர்த்து 15-ஐ எட்டிவிடுவார்கள். எதை உள்ளே கொண்டுவருவது என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைத்துவிடும். எதை வெளியே எடுப்பது என்ற கேள்வி மேசையில்தான் எழும். மூன்று நல்ல சீட்டுகளை உள்ளே கொண்டுவர, ஏற்கெனவே இருக்கும் மூன்று நல்ல சீட்டுகளை எடுக்க வேண்டி வந்தால் லாபம் ஒன்றுமில்லை. திட்டமிடுவோர் தொடங்க வேண்டிய இடம் வெளியே போகும் சீட்டு. ஒவ்வொரு எதிர்க்கட்டையும் நினைத்து, முதன்மைக் கட்டில் அதற்கு எதிராக உதவாத சீட்டுகள் எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் உள்ளே வரக்கூடிய சீட்டுகளின் அளவு.

இதை ஒரு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. மாடர்ன் என்னும் போட்டிப் பிரிவில் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவில் ஆடப்பட்ட கட்டு பர்ன். சிவப்பு, வெள்ளை நிறச் சீட்டுகளால் ஆனது. எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளை நேரடித் தாக்குதலால் விரைவில் எரித்துத் தீர்ப்பதே அதன் வேலை. 20 நிலங்கள் போக மீதி 40 இடங்களில் பத்து வகைச் சீட்டுகள், வகைக்கு நான்கு. உயிரினங்கள் மூன்று: காப்ளின் கைட், மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், ஈடாலன் ஆஃப் த கிரேட் ரெவெல். மற்றவை தாக்குதல்கள்: லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், லைட்னிங் ஹீலிக்ஸ், போரோஸ் சார்ம், ஸ்கல்கிராக், சியரிங் பிளேஸ். இவற்றில் பெரும்பாலானவை ஒரு சீட்டுக்கு 3 புள்ளி வீதம் பறிப்பவை.

முதல் வரைவாக இந்தக் கட்டுக்கு இப்படி ஒரு சைட்போர்ட்: உலோகப் பொருள்களை உடைக்கும் ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் நான்கு, ஓர் உயிரினத்தை ஆட்டத்தைவிட்டே விலக்கும் பாத் டு எக்ஸைல் மூன்று, கல்லறையைத் துடைத்துப்போடும் ரெஸ்ட் இன் பீஸ் மூன்று, சிவப்புத் தாக்குதல் எதுவும் தீண்டாத கோர் ஃபயர்வாக்கர் மூன்று, 4 புள்ளி பறிக்கும் எக்ஸ்க்விசிட் ஃபயர்கிராஃப்ட் இரண்டு. மொத்தம் 15. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்போது எதிரே வெள்ளை-நீலக் கட்டுப்பாட்டுக் கட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் உயிரினங்கள் அரிது. எதிராளியின் மந்திரங்களை நடுவிலேயே தடுத்து நிறுத்தி, ஆட்டத்தை நீட்டி வெல்வது அதன் வழி. பர்னில் உள்ள சியரிங் பிளேஸ் ஓர் ஆட்டக்காரரையும் அவருடைய உயிரினம் ஒன்றையும் சேர்த்தே குறிவைக்க வேண்டிய சீட்டு. உயிரினம் இல்லாவிட்டால் அதை இறக்கவே முடியாது, கையில் கிடந்து வீணாகும். எனவே நான்கும் வெளியே போக வேண்டியவை. உள்ளே கொண்டுவர என்ன இருக்கிறது? எக்ஸ்க்விசிட் ஃபயர்கிராஃப்ட் சரியான சீட்டு. கல்லறையில் இரண்டு மந்திரங்கள் கிடந்தால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அது இரண்டுதான் இருக்கிறது. நான்கு இடம் காலி, இரண்டு சீட்டுதான் கையிருப்பு. மற்ற இரண்டு இடத்தில் பாத் டு எக்ஸைலைப் போட்டால் அதுவும் உயிரினம் தேடும் சீட்டுதான். இந்தப் பற்றாக்குறை போட்டிக்கு முந்தைய இரவில் தாளில் தெரிந்தால் சரிசெய்யலாம். மேசையில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சரிசெய்வது எளிது. கோர் ஃபயர்வாக்கரை மூன்றிலிருந்து இரண்டாக்கி, ஃபயர்கிராஃப்டை மூன்றாக்கலாம். நான்காக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதை இறக்க மூன்று மானா வேண்டும், இந்தக் கட்டிலோ 20 நிலங்கள்தான். நான்கும் வந்து கையில் அடைபட்டால் வேகம் போய்விடும். மூன்று ஃபயர்கிராஃப்டை உள்ளே போட்டு மூன்று சியரிங் பிளேஸை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய கட்டுப்பாட்டுக் கட்டுகளில் ஸ்நாப்காஸ்டர் மேஜ் போன்ற சிறு உயிரினம் ஒன்றிரண்டு இருப்பது வழக்கம். அந்த ஒற்றைச் சீட்டுக்கு அப்போது வேலை கிடைக்கும்.

அடுத்து அஃபினிட்டி. ஏறக்குறைய முழுவதும் உலோகப் பொருள்களால் ஆன, மிக வேகமான கட்டு அது. இங்கே பர்னின் ஈடாலன் பயனற்றுப்போகிறது. மலிவான மந்திரம் ஒன்றை யார் இறக்கினாலும் இறக்கியவருக்கே 2 புள்ளி இழப்பு என்பது ஈடாலனின் குணம். அஃபினிட்டி தன் கையில் உள்ளதை முதல் இரண்டு சுற்றிலேயே கொட்டிவிடும். ஈடாலன் களத்துக்கு வரும்போது எதிராளியிடம் இறக்க அதிகம் மிஞ்சியிருக்காது. அதன் அடி பர்ன் ஆடுபவர் மேலேயே விழும். நான்கு ஈடாலன் வெளியே போக, நான்கு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் உள்ளே வருகிறது. உயிர்ப்புள்ளியைக் கூட்டும் சீட்டுகள் அஃபினிட்டியில் குறைவு என்பதால், அதைத் தடுக்கும் ஸ்கல்கிராக்கில் இரண்டை எடுத்து இரண்டு பாத் டு எக்ஸைலைப் போடலாம். ஆறு வெளியே, ஆறு உள்ளே.

ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நல்ல சைட்போர்ட் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். உலோகப் பொருளை உடைக்கும் சீட்டுகள் மாஜிக்கில் ஏராளம். இது உடைப்பதோடு அந்தப் பொருளின் சொந்தக்காரருக்கு 3 புள்ளி இழப்பையும் தருகிறது. அதாவது பர்னின் சொந்த வேலையையும் அது செய்கிறது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 20 புள்ளியை மூன்று மூன்றாகக் கழித்தால் ஏழு சீட்டு வேண்டும். முதலில் ஆடுபவர் நான்காவது சுற்றை எட்டும்போது 10 சீட்டுகளைப் பார்த்திருப்பார். தொடக்கத்தில் ஏழு, பிறகு எடுத்தவை மூன்று. கட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலம் என்பதால் அந்த 10-இல் சராசரியாக மூன்றுக்குச் சற்று மேல் நிலம், ஏழுக்குச் சற்றுக் குறைவாக மற்றவை. உயிரினங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்குவதால் கணக்கு சற்றே இளகும். ஆனாலும் தேவையும் வரவும் கிட்டத்தட்ட சமமாக நிற்கின்றன. புள்ளி எதையும் பறிக்காத ஒரு சீட்டு கைக்கு வந்தால், பர்ன் ஒரு சுற்றைத் தோராயமாக இழக்கிறது. அத்தகைய சீட்டுகள் ஆறோ ஏழோ உள்ளே வந்துவிட்டால், எதிராளியின் ஒவ்வொரு நகர்வுக்கும் பதில் இருக்கும், அவரைத் தோற்கடிக்க வழி இருக்காது. சைட்போர்ட் மாற்றங்களில் நேரும் தவறுகளில் மிகப் பொதுவானது இதுதான். அறிகுறியும் எளிதில் தெரியும். முதல் ஆட்டத்தில் நான்காவது, ஐந்தாவது சுற்றில் வென்ற கட்டு, மாற்றத்துக்குப் பின் எட்டாவது சுற்றிலும் எதிராளியை முடிக்க முடியாமல் திணறினால், உள்ளே வந்தவை அளவுக்கு மிஞ்சிவிட்டன.

ரெஸ்ட் இன் பீஸ் அத்தகைய சீட்டு. தானாக ஒரு புள்ளியையும் அது பறிப்பதில்லை. ஆனால் ட்ரெட்ஜ் என்னும் கட்டுக்கு எதிராக அதற்கு விலக்கு உண்டு. பயன்படுத்தித் தீர்ந்த சீட்டுகள் போய்ச் சேரும் இடம் கல்லறை. ட்ரெட்ஜ் தன் உயிரினங்களைக் கையிலிருந்து இறக்காமல் கல்லறையிலிருந்தே எழுப்புகிறது. கல்லறை இல்லையென்றால் அந்தக் கட்டு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஒரே சீட்டால் எதிராளி பல சுற்றுகளை இழப்பார் என்றால், பர்ன் இழக்கும் ஒரு சுற்று மலிவு. அந்த அளவுக்கு எடை இல்லாத பதில் சீட்டுகளை உள்ளே கொண்டுவரத் தயங்குவதே நல்லது. ட்ரெட்ஜ் மந்திரங்களை அதிகம் இறக்காது என்பதால் ஈடாலனுக்கு அங்கேயும் வேலை குறைவு. மூன்று ஈடாலன் போய் மூன்று ரெஸ்ட் இன் பீஸ் வருகிறது.

மூன்று சீட்டு என்பது எத்தனை உறுதி? 60 சீட்டுக் கட்டில் குறிப்பிட்ட சீட்டு மூன்று இருந்தால், தொடக்க ஏழில் ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 31 முதல் 32. நான்கு இருந்தால் சுமார் 40. இரண்டுதான் என்றால் 22. முதல் மூன்று சுற்றுக்குள் இறங்கினால்தான் பயன் என்ற சீட்டை ஒன்றோ இரண்டோ வைத்துவிட்டு நம்பியிருப்பதில் பொருளில்லை. நீண்டு போகும் ஆட்டத்தில் எப்போது வந்தாலும் உதவும் சீட்டுக்கு ஒன்று, இரண்டு போதும்.

இதுவரை மூன்றில் இரண்டு எதிராளிகளிடம் ஈடாலன் வெளியே போயிருக்கிறது. அப்படியானால் அது முதன்மைக் கட்டில் ஏன் இருக்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். தாளில் திட்டம் எழுதும் பழக்கத்தால் இத்தகைய கேள்விகள் தாமாகவே எழுகின்றன. ஸ்டார்ம் போன்ற கட்டுகள் ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டு மலிவான மந்திரங்களை அடுக்கி வெல்பவை. அவற்றுக்கு எதிராக ஈடாலன் ஒன்று களத்தில் நின்றாலே ஆட்டம் பெரும்பாலும் முடிந்தது. ஒரு போட்டியில் ஸ்டார்ம் போன்றவை நிறைய வரும் என்றால் அது முதன்மைக் கட்டில் இருக்கட்டும். அஃபினிட்டியும் ட்ரெட்ஜுமே நிறைய என்றால், ஈடாலனைக் குறைக்கத்தான் வேண்டும்.

பர்னும் பர்னும் மோதும்போது இன்னொரு காரணி உள்ளே வருகிறது: யார் முதலில் ஆடுகிறார் என்பது. ஓர் ஆட்டத்தில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்தை யார் தொடங்குவது என்று தீர்மானிக்கிறார். வேகமான கட்டுகளில் தோற்றவர் ஏறக்குறைய எப்போதும் தாமே தொடங்குவார். எனவே முதல் ஆட்டத்தை வென்றவர் இரண்டாவதில் பின்னால் ஆடப்போகிறோம் என்று கொண்டே மாற்றங்களைச் செய்யலாம். முதலில் ஆடி இரண்டாவது சுற்றில் ஈடாலனை இறக்கினால், அதுவரை ஒரே ஒரு மந்திரத்தை இறக்கியிருக்கும் எதிராளி அதன் பின் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி கொடுக்க வேண்டும். பின்னால் ஆடினால் நிலைமை தலைகீழ். ஏற்கெனவே அடிவாங்கி முந்தப்பட்டவருக்குத் தன் ஈடாலனே பகையாகிறது. ஆகவே பின்னால் ஆடும்போது நான்கு ஈடாலனும் வெளியே போய், இரண்டு கோர் ஃபயர்வாக்கரும் இரண்டு பாத் டு எக்ஸைலும் உள்ளே வருவது நியாயமான திட்டம். பாத் எதற்கு என்றால், எதிராளியும் தன் சைட்போர்டிலிருந்து ஃபயர்வாக்கரைக் கொண்டுவந்திருக்கலாம். சிவப்பு மந்திரம் அதைத் தொடாது. பாத் வெள்ளைச் சீட்டு, அது தொடும். முதலில் ஆடும்போது ஈடாலனை வைத்துக்கொண்டு, மெதுவான ஸ்கல்கிராக்கில் இரண்டை எடுத்து இரண்டு ஃபயர்வாக்கரை மட்டும் சேர்க்கலாம். ஒரே எதிராளிக்கு இரண்டு திட்டங்கள். தாளிலும் இரண்டு வரிகளாகவே அவற்றை எழுதிவைக்க வேண்டும்.

எதிராளியும் சும்மா இருப்பதில்லை. முதல் ஆட்டத்தில் பார்த்த கட்டை நோக்கி மாற்றம் செய்வதைவிட, இரண்டாவது ஆட்டத்தில் அவர் கொண்டுவரப்போகும் கட்டை நோக்கிச் செய்வது கூர்மையானது. பர்னைக் கண்டவர்கள் உயிர்ப்புள்ளி கூட்டும் சீட்டுகளைச் சேர்ப்பார்கள். அத்தகைய கட்டுகளுக்கு எதிராக ஸ்கல்கிராக் அனைத்தையும் எடுப்பது பிழை. சிலர் லேலைன் ஆஃப் சாங்டிட்டியைக் கொண்டுவருவார்கள். அது களத்தில் இருந்தால் ஆட்டக்காரரைக் குறிவைக்கும் மந்திரம் எதுவும் செல்லாது. லாவா ஸ்பைக்கும் சியரிங் பிளேஸும் அப்போது வெறும் தாள். உயிரினங்களின் தாக்குதலை அது தடுக்காது. ஈடாலனின் அடி குறிவைத்து விழுவதில்லை என்பதால் அதையும் தடுக்காது. அந்தச் சீட்டு வரக்கூடும் என்று தெரிந்தால், உயிரினங்களை வெளியே எடுக்கும் திட்டத்தை மறுபடி யோசிக்க வேண்டும். இந்தத் தர்க்கத்தை எதிர்த்திசையில் பயன்படுத்துபவர்களும் உண்டு. உயிரினமே இல்லாத கட்டோடு முதல் ஆட்டத்தை ஆடி, எதிராளி உயிரினத்தைக் கொல்லும் சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டபின், சைட்போர்டிலிருந்து உயிரினங்களை இறக்குவார்கள். முதல் முறை பலிக்கும். செய்தி பரவியபின் அதன் வலிமை குறைந்துவிடும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சீட்டு மாற்றவும் கலைக்கவும் போட்டி விதிகள் தரும் நேரம் மூன்று நிமிடம். அதற்குள் புதிதாக யோசித்து முடிவெடுப்பது கடினம். ஆனால் முன்கூட்டியே எழுதிய சிறு குறிப்பை ஆட்டங்களுக்கு இடையில் பார்க்க விதி அனுமதிக்கிறது. எதிராளிக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவே. ஓர் எதிர்க்கட்டுக்கு ஒரு வரி, வெளியே போவது இடப்பக்கம், உள்ளே வருவது வலப்பக்கம், இரு பக்க எண்ணிக்கையும் சமம் என்றால் குறிப்பு தயார். அதை எழுதும்போது 15 சீட்டுகளில் ஏதேனும் ஒன்று எந்த வரியிலும் வலப்பக்கம் வராமல் நின்றால், அந்த இடத்தை வேறு சீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

எத்தனை சீட்டு மாற்றினோம் என்பதை வெளியே சொல்லவும் வேண்டியதில்லை. அனுபவசாலிகள் 15-ஐயும் கட்டோடு சேர்த்துவிட்டு, பிறகு 15-ஐ எண்ணி வெளியே எடுக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு மாற்றியது ஒன்றா பத்தா என்று தெரியாது. எடுத்த பிறகு சைட்போர்டை ஒருமுறை எண்ணினால், கட்டில் 60 சரியாக இருக்கிறது என்பதும் உறுதியாகும். மேட்ச் முடிந்ததும் கட்டைப் பதிவுசெய்த பட்டியலின்படி பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முந்தைய எதிராளிக்காகப் போட்ட ரெஸ்ட் இன் பீஸோடு அடுத்த மேட்சின் முதல் ஆட்டத்தைத் தொடங்குவது விதிமீறல், நடுவர் அதற்குத் தண்டனை விதிப்பார்.